கேட்டில் ஊற்றிய சிவப்புச் சாயம்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தாமான் வீடுகளிலும் மலிவுவிலை அடுக்குமாடிகளிலும் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை. விடிந்து பார்த்தால் ஒரு வீட்டு கேட்டில் சிவப்புச் சாயம் வழிந்துகொண்டிருக்கும். வீட்டுக்காரர் போட்ட பூட்டுக்கு மேலே யாரோ கொண்டுவந்த சங்கிலியும் பூட்டும் தொங்கும். எதிரிலுள்ள விளக்குக் கம்பத்தில் ஒருவருடைய ஐசியின் நகல் ஒட்டியிருக்கும், அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் கடன் தொகை. வேலைக்குக் கிளம்பும் அண்டை வீட்டார் நின்று பார்க்கமாட்டார்கள், மோட்டாரை மெதுவாக ஓட்டிக்கொண்டே பார்ப்பார்கள். 'ஆலோங் வேலை' என்று தெருவுக்கே தெரிந்துவிடும்.

பெரும்பாலும் கடன் வாங்கியவர் அந்த வீட்டில் இருப்பதே இல்லை. மகன் வாங்கியிருப்பான், போன் எண்ணை மாற்றிக்கொண்டு எங்கோ போயிருப்பான். சாயம் விழுந்தது அப்பா, அம்மா, கல்யாணத்துக்கு நிற்கும் தங்கை ஆகியோரின் கேட்டில். ஒரு காசும் வாங்காத இவர்கள்தான் அன்று முழுக்கத் தலை நிமிராமல் நடக்கிறார்கள்.

இந்தச் சாயத்தை வெறும் ரவுடித்தனமாகப் பார்த்தால் அதன் கணக்குப் புரியாது. கடன் கொடுத்தவர் ஏன் வக்கீலிடம் போகாமல் சாய டின்னோடு வருகிறார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். விடை 1951-ஆம் ஆண்டின் கடன் கொடுப்போர் சட்டத்தில் இருக்கிறது. வீடமைப்பு, ஊராட்சித் துறை அமைச்சின் உரிமம் இல்லாமல் ஒருவர் கடன் கொடுத்தால், அந்த ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் நிலைநிறுத்த முடியாது என்று அதன் 15-ஆம் பிரிவு சொல்கிறது. உரிமமின்றிக் கடன் கொடுப்பதற்கே அபராதம் இரண்டரை லட்சம் வெள்ளியிலிருந்து பத்து லட்சம் வெள்ளி வரை, அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. ஆகவே ஆலோங்குக்கு நீதிமன்றம் கிடையாது, ஜப்தி கிடையாது, பிணையாக எழுதி வாங்கிய நிலமும் கிடையாது. அவர் கையில் இருக்கும் ஒரே பிணை அந்தக் குடும்பத்தின் மானம்தான். சாயம் ஊற்றுவது அந்தப் பிணையை ஏலம் விடுவது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 3,000 வெள்ளி கேட்கிறார், வாரத்துக்கு பத்து விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் வார வட்டியையும் 'செலவு' என்று ஒரு தொகையையும் பிடித்துக்கொண்டு 2,500 வெள்ளிதான் கையில் வரும். பிறகு வாரம் 300 வெள்ளி. இது வட்டி மட்டுமே, முதல் அப்படியே நிற்கும். பத்து வார வட்டியில் 3,000 வெள்ளி போயிருக்கும், கடனும் 3,000 வெள்ளியாகவே இருக்கும். பிணையில்லாக் கடனுக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்ச வட்டி ஆண்டுக்கு 18 விழுக்காடு. அதன்படி பத்து வாரத்துக்கு ஏறத்தாழ 104 வெள்ளிதான் வரும். இப்படி ஒரு கடனை அறிவால் நியாயப்படுத்தி வசூலிக்க முடியாது. உணர்ச்சியால்தான் வசூலிக்க முடியும். எந்த உணர்ச்சி என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

அமெரிக்க மானுடவியலாளர் ரூத் பெனடிக்ட் 1946-இல் ஜப்பானைப் பற்றி 'கிரிசாந்திமமும் வாளும்' என்ற நூலை வெளியிட்டார். அவமானப் பண்பாடு, குற்றவுணர்வுப் பண்பாடு என்ற பிரிவினை பரவலானது அந்த நூலால்தான். அவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: சில சமூகங்களில் மனிதனைக் கட்டுப்படுத்துவது அவனுள்ளே குடியிருக்கும் மனசாட்சி, யாரும் பார்க்காவிட்டாலும் அது உறுத்தும். வேறு சில சமூகங்களில் கட்டுப்படுத்துவது பிறர் கண். பார்ப்பவர் இல்லையென்றால் உறுத்தலும் இல்லை. உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க அரசுக்காக இதை ஆராய்ந்த பெனடிக்ட், ஜப்பான் மண்ணை மிதித்ததே இல்லை. அமெரிக்காவில் இருந்த ஜப்பானியரிடம் பேசியும் திரைப்படங்களையும் நூல்களையும் பார்த்துமே எழுதினார்.

அன்று முதல் ஆசியா என்றால் அவமானம், மேற்கு என்றால் மனசாட்சி என்று பலர் எளிதாக எழுதிவிட்டார்கள். நம்மவர்களும் 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்ற ஒரு வாக்கியத்தைக் காட்டி அதை ஒப்புக்கொண்டுவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. திருக்குறளில் மானத்துக்கு ஓர் அதிகாரமும் நாணுடைமைக்கு ஓர் அதிகாரமும் இருக்கின்றன. அதே வள்ளுவர்தான் வாய்மை அதிகாரத்தில், ஊருக்குத் தெரியாத பொய்க்கும் பொய் சொன்னவரின் உள்ளமே தண்டனை தரும் என்கிறார். இரண்டு உணர்ச்சியும் எல்லா வீட்டிலும் உண்டு. எதை எப்போது எது தட்டி எழுப்புகிறது என்பதுதான் வேறுபடுகிறது. உளவியலாளர்கள் இன்று கேட்பதும் இந்தக் கேள்வியைத்தான்.

டேனியல் ஸ்னிட்சர் என்ற உளவியலாளரும் அவர் குழுவினரும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு எளிமையானது. தெரிந்தவர் கல்யாண வீட்டில் மனைவிக்குத் துரோகம் செய்யும்போது பிடிபடுவது போன்ற சில சூழல்களை எழுதினார்கள். ஒரு கூட்டத்தாரிடம், 'இப்படிச் செய்தவரை எவ்வளவு மட்டமாக நினைப்பீர்கள்' என்று மதிப்பெண் போடச் சொன்னார்கள். இன்னொரு கூட்டத்தாரிடம், 'இதை நீங்களே செய்திருந்தால் எவ்வளவு அவமானமாக இருக்கும்' என்று கேட்டார்கள். இரு கூட்டத்தாரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை. ஆனால் இரண்டு மதிப்பெண்களும் வியக்கும் அளவுக்கு ஒன்றையொன்று ஒட்டிச் சென்றன. பார்ப்பவர் எவ்வளவு மதிப்பைக் குறைப்பார் என்பதை அவமானம் முன்கூட்டியே அளந்து வைத்திருக்கிறது. அமெரிக்கா, இந்தியா, இஸ்ரேல் மூன்றிலும் இதே நிலைதான். இரண்டாண்டு கழித்து உலகின் பல மூலைகளில் 15 சிறு சமூகங்களில் சோதித்தபோதும் இதே போக்குத் தெரிந்தது. பெனடிக்ட் கோடு போட்டுப் பிரித்த இரு பக்கங்களிலும் இந்த அளவுகோல் ஒரே விதமாக வேலை செய்கிறது.

இதே குழுவினர் 2018-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வுதான் சாயம் பூசப்பட்ட கேட்டுக்கு நேராக வருகிறது. தவறு செய்ததால் அவமானம் வருகிறதா, அல்லது பிறர் நம்மைக் கீழாகப் பார்ப்பதால் வருகிறதா என்பதைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க நினைத்தார்கள். ஆட்களைக் கூட்டிப் பொதுப் பணப் பெட்டி விளையாட்டு ஒன்றை நடத்தினார்கள். ஆளுக்குக் கொஞ்சம் பணம் கொடுத்து, பொதுவில் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்தார்கள். பிறகு, எவ்வளவு போட்டார் என்பதற்குச் சம்பந்தமே இல்லாமல், சிலரை மற்றவர்கள் ஒதுக்கிவிட்டதாகவும் சிலரைச் சேர்த்துக்கொண்டதாகவும் அறிவித்தார்கள். தாராளமாகப் பணம் போட்டவர்களுக்கும், ஒதுக்கப்பட்டதும் அவமானம் ஏறியது. குறைவாகப் போட்டது மட்டும் அவமானத்தைக் கிளப்பவில்லை. தான் குற்றமற்றவர் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தும் அவமானம் வரும் என்பதே இதன் முடிவு.

'நாம என்ன தப்பு பண்ணினோம், ஏன் தலைகுனியணும்' என்று அந்த அம்மாவிடம் யாராவது ஆறுதல் சொன்னால் அது எடுபடாமல் போவதற்குக் காரணம் இதுதான். அவருக்கு அது தெரியும். தெரிந்திருப்பது உதவாது. அவமானம் கேட்கும் கேள்வி வேறு: எதிர்வீட்டுக்காரர் இனி என்னை எப்படிப் பார்ப்பார்? ஐசி நகலை ஒட்டுபவர் அதை வீட்டுக்குள் போடாமல் விளக்குக் கம்பத்தில் ஒட்டுவதன் காரணமும் அதுவே. உளவியல் படிக்காமலேயே ஆலோங் ஆட்கள் இந்த ஆய்வின் முடிவை நடைமுறையில் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

குடும்பத்தில் ஒருவர் செய்ததற்கு மற்றவர் வருந்துவதைப் பற்றித் தனியாகவே ஆய்வு இருக்கிறது. பிரையன் லிக்கல், டோனி ஷ்மேடர் குழுவினர் 2005-இல் வெளியிட்டது அது. உங்கள் குடும்பத்தாரோ நண்பரோ உங்கள் இனத்தாரோ செய்த ஒரு தவறை நினைத்துப் பாருங்கள் என்று மாணவர்களிடம் கேட்டு, அப்போது வந்த உணர்ச்சியை ஆராய்ந்தார்கள். அதில் இரண்டு வேறு பாதைகள் தெரிந்தன. 'இவன் செய்தது என்னையும் இப்படித்தான் என்று காட்டிவிடும்' என்று தோன்றியவர்களுக்கு வந்தது அவமானம். அவர்கள் அந்த ஆளிடமிருந்து விலகி நிற்கவே விரும்பினார்கள். 'நான் நினைத்திருந்தால் தடுத்திருக்கலாமே' என்று தோன்றியவர்களுக்கு வந்தது குற்றவுணர்வு. அவர்கள் நடந்ததைச் சரிசெய்யவே விரும்பினார்கள்.

இந்த இரண்டையும் ஒரே வீட்டில் பார்க்கலாம். கிள்ளானில் ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம். அப்பா லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர், கோயில் நிர்வாகத்தில் இருக்கிறார். சாயத்தைப் பார்த்ததும் அவருடைய முதல் வாக்கியம், 'இவன் இனிமே என் மகனே இல்ல' என்பதாகத்தான் இருக்கும். கேட்டில் 'இன்னார் இங்கு வசிக்கவில்லை' என்று அட்டை எழுதித் தொங்கவிடுவார். ம.சீ.ச. கட்சியின் பொதுச் சேவை, புகார் பிரிவு கூட்டும் பத்திரிகையாளர் சந்திப்புகளில் பெற்றோர் உட்கார்ந்து, மகனுடன் உறவு முறிந்தது என்று கேமராவுக்கு முன்னால் அறிவிப்பதை மலேசியர்கள் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறார்கள். இது கல்நெஞ்சு அல்ல. சிதறிய சாயம் தன்மேல் ஒட்டாமல் இருக்க அப்பா எடுத்துவைக்கும் தூரம். ஊருக்கு முன்னால் விழுந்த அடியை ஊருக்கு முன்னால்தான் துடைக்க முடியும் என்று அவர் நினைக்கிறார். அந்த நினைப்பு தவறு என்று சொல்லிவிட முடியாது.

அம்மா வேறு பாதையில் போகிறார். 'அவன் போன மாசமே முகம் வாடி வந்தான், நான் கேட்டிருக்கணும்.' இது குற்றவுணர்வின் குரல். சரிசெய்யத் துடிக்கும் இந்த உணர்ச்சி நல்லதுதான், ஆனால் இங்கே அதுவும் ஆலோங்கின் பைக்குள்தான் போய்ச் சேருகிறது. யாருக்கும் தெரியாமல் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போகும். அதில் வரும் பணமும் வட்டிக்கே போகும். ஒரு கடனில் முதல் குறையாதபோது, அதைச் சரிசெய்யும் முயற்சிக்கு முடிவே இல்லை. வயதுவந்த பிள்ளை வாங்கிய கடனுக்கு ஜாமீன் போடாத பெற்றோருக்குச் சட்டப்படி அதில் பொறுப்பே கிடையாது என்பதை அந்த அம்மாவிடம் யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்க மாட்டார்கள்.

கடன் வாங்கிய மகனுக்கு என்ன நேர்கிறது? அமெரிக்க உளவியலாளர் ஜூன் டேங்னி பல பத்தாண்டுகளாக இந்த இரு உணர்ச்சிகளையும் அளந்து வருபவர். 'நான் செய்தது கெட்டது' என்று உணர்பவர் மன்னிப்புக் கேட்டுத் திருத்தப் பார்க்கிறார், 'நானே கெட்டவன்' என்று உணர்பவர் ஒளிகிறார் அல்லது பிறர்மேல் பாய்கிறார் என்பது அவர் ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வரும் முடிவு. சிறைக் கைதிகளை விடுதலைக்குப் பின் ஓராண்டு வரை தொடர்ந்து பார்த்து அவர் குழு 2014-இல் வெளியிட்ட கட்டுரை, குற்றவுணர்வு அதிகமுள்ளவர்கள் மறுபடி குற்றம் செய்வது குறைவு என்று காட்டியது. அவமானம் மட்டும் இரண்டாகப் பிரிந்தது. பழியைப் பிறர்மேல் போடத் தூண்டியபோது அது மறுகுற்றத்துக்கு இட்டுச் சென்றது. அந்தப் பழிபோடுதல் இல்லாதபோது, தவறிலிருந்து விலகவும் உதவியது.

மகன் ஒளிகிறான். ஒளியப் பணம் வேண்டும். ஓர் ஆலோங்குக்குக் கட்ட இன்னோர் ஆலோங்கிடம் வாங்குகிறான். வீட்டில் வாயைத் திறந்திருந்தால் 3,000 வெள்ளியோடு நின்றிருக்கக்கூடிய விஷயம், அப்பா முகத்தை எப்படிப் பார்ப்பது என்ற பயத்தால் 30,000 வெள்ளியாகிறது. மானம் பெரிது என்று வளர்க்கப்பட்ட வீட்டில்தான் இந்த மௌனம் நீளும் என்பது என் எண்ணம்.

இதனால் அவமானம் என்பதே கெட்டது என்று சொல்ல வரவில்லை. கூட்டைப் பாருங்கள். பத்துப் பெண்கள் மாதம் 200 வெள்ளி போடுகிறார்கள், மாதம் ஒருவர் 2,000 வெள்ளியை எடுத்துக்கொள்கிறார். பத்திரம் இல்லை, வட்டி இல்லை. கூட்டு நடத்துவதைத் தொழிலாகச் செய்யக்கூடாது என்று 1971-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அப்படியும் தோழிகளுக்குள்ளும் அலுவலகங்களிலும் கூட்டு நடக்கிறது. முதல் மாதமே பணத்தை எடுத்தவர் மீதி ஒன்பது மாதமும் ஏன் ஒழுங்காகக் கட்டுகிறார்? ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அக்காவை எப்படிப் பார்ப்பது என்பதால்தான். அதற்கும் முன்னால், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி வைத்துக் கடை நடத்திய செட்டியார்களின் வியாபாரம் முழுவதும் பெயரை நம்பி நடந்தது. ஒருவர் வாக்குத் தவறினால் அது அவர் குடும்பத்தின் பெயரையும் கெடுக்கும், அடுத்த கைமாற்று கிடைக்காது.

அங்கும் பிணை மானம்தான். ஆனால் இரண்டு வேறுபாடுகள் உண்டு. கூட்டில் பார்க்கும் கண்கள் உன்னைத் தெரிந்தவர்களின் கண்கள். ஒரு மாதம் தாமதமானால், 'பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவுக்கா, அடுத்த மாசம் சேர்த்துக் கட்டிடுறேன்' என்றால் விஷயம் முடிந்துவிடும். கட்ட வேண்டிய தொகையும் வளராது. மீண்டு வர வழி இருக்கிறது. ஆஸ்திரேலியக் குற்றவியலாளர் ஜான் பிரெய்த்வெயிட் 1989-இல் எழுதிய நூலில் இந்த வேறுபாட்டைத்தான் அழுத்திச் சொன்னார். கண்டித்துவிட்டு மறுபடி சேர்த்துக்கொள்ளும் அவமானம் தவறைக் குறைக்கும், முத்திரை குத்தி வெளியே தள்ளும் அவமானம் தவறை வளர்க்கும். சாயம் இரண்டாவது வகை. அதில் கதவே கிடையாது, ஏனென்றால் கடன் அடைந்துவிட்டால் ஆலோங்குக்கு வருமானம் நின்றுவிடும்.

பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் போனால் சாய டின் வேலைக்கு ஆகாது. கேஎல் சென்ட்ரலைச் சுற்றி எழும்பிய உயர்மாடிகளில் காவலர் இருக்கிறார், அணுகல் அட்டை இல்லாமல் லிஃப்ட் நகராது. அங்கு வேலையைக் கைப்பேசி செய்கிறது. கடன் வாங்கும்போதே ஐசியைக் கையில் பிடித்துப் படம் எடுக்கச் சொல்கிறார்கள், தொடர்பு எண்களை வாங்கிக்கொள்கிறார்கள். தவணை தவறியதும் அந்தப் படம் 'திருடன்' என்ற தலைப்போடு பெரியம்மாவுக்கும் முதலாளிக்கும் பள்ளி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். தெருவில் பார்க்க ஐம்பது பேர் இருந்தார்கள் என்றால் இங்கே எண்ணிக்கையே தெரியாது. யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று தெரியாததால் பாதிக்கப்பட்டவர் எல்லாரும் பார்த்துவிட்டதாகவே நடந்துகொள்வார். பெருநகரத்தில் யாருக்கும் யாரையும் தெரியாது, அவமானத்தின் பிடி தளரும் என்று ஒரு காலத்தில் சமூகவியலாளர்கள் நினைத்தார்கள். தொடர்புப் பட்டியல் அந்த நினைப்பைக் கவிழ்த்துவிட்டது.

அவமானம் பார்ப்பவர் மதிப்பை அளப்பது என்றால், அதைத் தணிக்கும் வழியும் பார்ப்பவர் பக்கமாகத்தான் இருக்க வேண்டும். 'நீ தப்பு பண்ணல' என்பதைவிட, எதிர்வீட்டு அண்ணன் ஒரு தின்னர் டின்னும் துணியும் எடுத்துக்கொண்டு கேட்டைத் துடைக்க வந்தால் அந்த அம்மாவின் தலை நிமிரும். மதிப்புக் குறையவில்லை என்பதற்கு அது கண்ணால் பார்க்கும் சான்று. அதேபோல, கதை பரவும் முன் குடும்பமே பக்கத்து வீடுகளுக்குப் போய், 'பையன் ஆலோங்கிட்ட மாட்டிக்கிட்டான், நாங்க போலீஸ்ல ரிப்போர்ட் போட்டிருக்கோம்' என்று சொல்லிவிட்டால் விளக்குக் கம்பத்தில் ஒட்டிய காகிதத்துக்குப் பாதி பலம் போய்விடும். ஊகிக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் வம்பு வெகுநாள் ஓடாது.

ஆகவே இதைப் படிக்கும் உங்கள் வீட்டு கேட்டில் நாளை சாயம் விழுந்தால், துடைக்கும் முன் படம் எடுங்கள். பூட்டு, காகிதம், அதில் இருக்கும் போன் எண் எல்லாவற்றையும் எடுங்கள். வாட்ஸ்அப் செய்திகளை அழிக்க வேண்டாம். அன்றே போலீஸ் ரிப்போர்ட் போடுங்கள். பிறர் சொத்தைச் சேதப்படுத்துவது தண்டனைச் சட்டத்தின் கீழ் குற்றம், உரிமமில்லாமல் கடன் கொடுத்ததும் குற்றம். பக்கத்து வீட்டில் விழுந்தால் ஒரு துணியோடு போங்கள். வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் மென்னியைப் பிடிக்கத் தொடங்கும்போதே, ஆலோங்கின் எண்ணைத் தேடும் முன், ஏகேபிகேவுக்குப் போகலாம். பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய கடன் ஆலோசனை நிறுவனம் அது. ஆலோங் கடனை அது தீர்த்துவைக்காது. வங்கிக் கடனைத் திரும்பச் செலுத்தும் முறையை மாற்றியமைக்க உதவும், அதற்குக் கட்டணம் வாங்குவதில்லை.